‘ஆமாம் சார்’ என்றது நான் அல்ல: ஒரு தலைப்பையும் முதல் வரியையும் திருத்தியது பற்றி

பிறந்த வீட்டில் எனக்கிருந்த பாகத்தை அண்ணனுக்கு எழுதிக்கொடுத்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதற்கு நான் முதலில் வைத்த தலைப்பு ‘கூடில்லாப் பறவை’. முதல் வரி இப்படித் தொடங்கியது: “பெண்ணாகப் பிறந்தவளுக்குப் பிறந்த வீடும் சொந்தமில்லை, புகுந்த வீடும் சொந்தமில்லை.”

கைப்பிரதியை வாசித்த தோழி ஒருத்தி, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரோடது?” என்று கேட்டாள். என்னுடையதுதான் என்றேன். “நீ எழுதினதுன்னு தெரியும்டி. யாருக்கு நடந்ததுன்னு கேட்டேன்” என்றாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. எல்லாப் பெண்களுக்கும் நடப்பதைத்தானே எழுதியிருக்கிறேன், அதுதானே இந்தக் கட்டுரையின் பலம் என்று வாதாடினேன். அவள் விடவில்லை. “எல்லாருக்கும் நடக்கிறதை எல்லாரும் எழுதலாம். பத்திரத்துல கையெழுத்துப் போட்டது நீதானே?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, தலைப்பையும் முதல் வரியையும் மூன்று முறை மாற்றினேன். மாற்ற மாற்றக் கட்டுரையும் மாறியது. தலைப்பு என்பது எழுதி முடித்த பிறகு மேலே வைக்கிற பூ என்று அதுவரை நினைத்திருந்தேன். அது வாசகிக்குக் கொடுக்கிற வாக்கு. வாக்கு எதைப் பற்றியது என்று தெளிவாக இல்லாவிட்டால், அதை நிறைவேற்றினோமா இல்லையா என்று யாரும் நம்மைக் கேட்க முடியாது. யாரும் கேட்க முடியாது என்பதுதான் அந்த மாதிரித் தலைப்பின் வசதியும்.

பெண்கள் தங்கள் வாழ்க்கையை எழுதும் தொகுப்புகளின் பொருளடக்கத்தை மட்டும் ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆசிரியர் பெயர்களைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மௌனத்தின் மொழி, உடைந்த கண்ணாடி, வேர்களைத் தேடி, எனக்கான வானம், சிறகு முளைத்த கதை என்ற வகையில் தலைப்புகள் வரும். இவற்றில் எதை எடுத்து எந்தக் கட்டுரையின் மேல் வைத்தாலும் பொருந்தும். கருக்கலைப்பைப் பற்றிய கட்டுரைக்கும் ‘மௌனத்தின் மொழி’ என்று வைக்கலாம், கல்லூரி விடுதியைப் பற்றிய கட்டுரைக்கும் வைக்கலாம். என் ‘கூடில்லாப் பறவை’யும் அப்படித்தான். விதவையும் அதைத் தன் தலைப்பாக்கிக்கொள்ளலாம், அகதியும் ஆக்கிக்கொள்ளலாம், வாடகை வீடு கிடைக்காமல் அலைகிற தனிப்பெண்ணும் ஆக்கிக்கொள்ளலாம். மூன்று பேருக்குப் பொருந்துகிற தலைப்பு மூன்று பேரையும் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இது மொழித்திறன் போதாததால் வருவது என்று நான் நினைக்கவில்லை. இப்படி எழுத நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். வீட்டில் ஒரு பெண் தன் குறையைச் சொல்ல வேண்டுமென்றால் பழமொழியாகச் சொல்லலாம், பாட்டாகச் சொல்லலாம், ஒப்பாரியில்கூடச் சொல்லலாம். பேரைச் சொல்லி, தேதியைச் சொல்லி, இன்னார் இன்னது செய்தார் என்று சொன்னால்தான் சண்டை வரும். ‘பெண்ணாகப் பிறந்தவள்’ என்று படர்க்கையில் தொடங்கினால் எந்த அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனும் தலையாட்டி, “பாவம், பொண்ணுங்க நிலைமை அப்படித்தான்” என்பான். பொதுவாகச் சொல்வது, குறை சொல்லவும் உறவைக் காப்பாற்றவும் ஒரே நேரத்தில் உதவுகிற தந்திரம். வீட்டில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் தன்வரலாற்றுக் கட்டுரை என்று பேர் வைத்துக்கொண்டு, உள்ளே நுழையும் வாசலிலேயே ‘நான்’ என்பதை மறைத்துவைத்தால் கட்டுரை எங்கிருந்து தொடங்கும்?

நன்றாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம். 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ தமிழில் எல்லோரும் அறிந்த உதாரணம். கருக்கு என்றால் பனை மட்டையின் இரு ஓரங்களிலும் ரம்பம்போல் இருக்கும் பற்கள். கையை அறுக்கும். விறகுக்குப் பனை மட்டை பொறுக்கியவர்களுக்குத்தான் அந்த அறுப்பு தெரியும். தலைப்பு ஒரு பொருளின் பெயராக இருக்கிறது. அந்தப் பொருளை யார் தொட்டிருப்பார்கள், யார் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஆனால் உள்ளே நூல் தொடங்குவது அறுப்பில் அல்ல. தன் ஊர் அழகான ஊர் என்பதிலிருந்து தொடங்குகிறது. மலைகள் வருகின்றன, வயல்கள் வருகின்றன, அப்புறம் எந்தத் தெருவில் எந்தச் சாதி என்பது வருகிறது. அறுக்கும் தலைப்பைப் படித்துவிட்டு உள்ளே வந்த வாசகி, அழகைப் பற்றிய சாதாரண வாக்கியத்தைக் கண்டதும் காத்திருக்கத் தொடங்குகிறாள். ஊரை விவரிக்கிற ஒவ்வொரு வரியிலும் ‘இதில் எங்கே கருக்கு?’ என்று தேடுகிறாள். தலைப்பும் வலி, முதல் வரியும் வலி என்றிருந்தால் அந்தத் தேடல் இருந்திருக்காது.

வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவாக்கி, 1929இல் வெளியிட்ட நீள்கட்டுரையின் தலைப்பு, ஒருத்திக்கு மட்டுமேயான அறையைப் பற்றியது. அதன் முதல் சொல் ‘ஆனால்’. பெண்களையும் புனைவையும் பற்றிப் பேசச் சொன்னால் அறையைப் பற்றிப் பேசுகிறாயே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கேட்பதாகத் தொடங்குகிறார். தலைப்பு ஒரு திட்டமான பொருளை முன்வைக்கிறது. முதல் வரி அந்தப் பொருளின் மேல் ஒரு கேள்வியை வைக்கிறது. கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, ஆண்டு வருமானம் 500 பவுண்டு என்று தொகையைச் சொல்லும் அளவுக்குத் திட்டமாக.

இந்த இரண்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. தலைப்பும் முதல் வரியும் ஒரே வேலையைச் செய்யவில்லை. ஒன்று பொருளைத் தருகிறது. மற்றது அந்தப் பொருளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. நடுவில் ஓர் இடைவெளி திறக்கிறது. அந்த இடைவெளியைக் கடக்கத்தான் வாசகி அடுத்த வரிக்குப் போகிறாள். என் முதல் பிரதியில் தலைப்பு, பறவைக்குக் கூடு இல்லை என்றது. முதல் வரி, பெண்ணுக்கு வீடு இல்லை என்றது. இரண்டும் ஒன்றே. முதல் வரியைப் படித்தவளுக்கு இரண்டாம் வரியில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று அந்த வரியில் இருந்தது. அது உண்மையில்லை.

எங்கள் வீடு அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையில் தானே கட்டியது. அவர் உயில் எழுதவில்லை. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். வாரிசுகள் அண்ணனும் நானும் மட்டுமே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படியே, உயிலில்லாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடு என்று மகள் தானாகக் கேட்பதற்கு மட்டும் ஒரு தடை இருந்தது. 2005இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக அந்த வீட்டில் பாதி என்னுடையது. என்னுடையதாக இருந்ததால்தான் என் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒன்றுமில்லாதவளிடம் யாரும் எழுதி வாங்குவதில்லை.

‘பிறந்த வீடும் சொந்தமில்லை’ என்று நான் எழுதிய வரி, என் அத்தைகளும் பெரியம்மாக்களும் சொல்லிச் சொல்லிக் காதில் ஏறிய வரி. அதை எழுதும்போது கண்ணீர் வந்தது. அதனால் உண்மை என்று நம்பிவிட்டேன். ஆனால் அந்த வரியைத்தான் என் உறவினர்களும் சொன்னார்கள், என்னைக் கையெழுத்துப் போடவைப்பதற்காக. “பொண்ணுக்கு ஏதும்மா பொறந்த வீடு? அண்ணன் இருக்கிற வரைக்கும் வந்து போகலாம், அவ்வளவுதான்.” என் எதிர்ப்பை எழுதுவதாக நினைத்துக்கொண்டு, அவர்களுடைய வாதத்தை என் முதல் வரியாக வைத்திருந்தேன். பொதுவான வரியில் இருக்கும் ஆபத்து இதுதான். அது யாருடைய குரல் என்று சோதித்துப் பார்க்க வழியில்லாமல் எல்லோருடைய வாயிலும் புழங்கி வந்திருக்கும்.

இரண்டாவது முறை எதிர்த்திசையில் பாய்ந்தேன். தலைப்பை ‘என் அண்ணன் என்னை ஏமாற்றிய கதை’ என்று மாற்றினேன். முதல் வரி: “ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டியானது என்பவர்கள் ஒருமுறை சொத்துப் பிரித்துப் பார்க்கட்டும்.” திட்டமாகச் சொல்ல வேண்டும் என்ற பாடத்தை, காட்டமாகச் சொல்ல வேண்டும் என்று புரிந்துகொண்டதன் விளைவு இது. தோழி இதையும் வாசித்தாள். இந்தமுறை ஒரு பயிற்சி கொடுத்தாள். “இந்தத் தலைப்பையும் முதல் வரியையும் மட்டும் படிச்சவ உங்கிட்ட என்னென்ன எதிர்பார்ப்பா? ஒரு தாள்ல எழுது. அப்புறம் ஒவ்வொண்ணும் கட்டுரையில எங்க வருதுன்னு பக்கத்துல குறிச்சுக்கிட்டு வா.”

எழுதினேன். அண்ணன் என்ன பொய் சொன்னார்? எப்போது எனக்குத் தெரிந்தது? தெரிந்தபின் நான் என்ன செய்தேன்? சொத்து என்ன ஆயிற்று? நான்கு எதிர்பார்ப்புகள். கட்டுரையில் தேடினேன். அண்ணன் பொய் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தன் கடனைச் சொன்னார், வங்கி அடமானத்துக்கு வீடு ஒரே பேரில் இருக்க வேண்டும் என்றார். இரண்டும் உண்மை. நான் எதையும் பிறகு கண்டுபிடிக்கவில்லை. முதலிலிருந்தே எல்லாம் தெரியும். நான்கில் ஒன்றுக்குக்கூட என் கட்டுரையில் பதில் இல்லை. ‘ஏமாற்றிய’ என்ற சொல் ஒரு வில்லனை வாக்களித்தது. உள்ளே இருந்தது, அலுவலகத்துக்குப் போகும் வழியில் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒரு மனிதர். இந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் அவரை மோசமானவராக மாற்றி எழுத வேண்டும். அப்படி எழுதினால் அது பொய். அதோடு, நல்ல அண்ணன்கள் இருக்கும் வீடுகளிலும் இதே பத்திரம் எழுதப்படுகிறது என்ற பெரிய விஷயம் மறைந்துபோகும்.

இப்படிப்பட்ட தலைப்புகளைப் பெண்களிடம் பதிப்பாளர்களும் பத்திரிகையாசிரியர்களும் கேட்டு வாங்குவதும் உண்டு. காயத்தை வாசலில் தொங்கவிட்டால் கூட்டம் வரும் என்பது அவர்கள் கணக்கு. அதிர்ச்சியும் திட்டமும் ஒன்றல்ல. அதிர்ச்சி வாசகியின் உணர்ச்சி என்னவாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்கிறது. திட்டம் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு, உணர்ச்சியை அவளிடமே விட்டுவிடுகிறது. இரண்டையும் பிரித்தறிய நான் செய்கிற சோதனை, அந்தத் தாளில் எழுதிப் பார்க்கும் பட்டியல்தான். அதிர்ச்சித் தலைப்பு போடும் பட்டியல் கட்டுரையில் இல்லாத சம்பவங்களைக் கேட்கும். திட்டமான தலைப்பு போடும் பட்டியல், கட்டுரையில் இருந்தும் நாம் அவசரமாகத் தாண்டிப்போன இடங்களைக் கேட்கும்.

மூன்றாவது முறை புதிதாக எதையும் யோசிக்கவில்லை. பிரதியை எடுத்து, வேறு யாராலும் எழுத முடியாத முதல் வாக்கியம் எது என்று பென்சிலோடு தேடினேன். முதல் பத்தியில் இல்லை. இரண்டாவது பத்தி பெண்களும் சொத்துரிமையும் என்ற பொதுச் செய்தி. மூன்றாவது பத்தி என் குழந்தைப்பருவத்து முற்றம், முருங்கை மரம். அழகாக இருந்தது, ஆனால் எல்லோர் வீட்டிலும் அந்த முருங்கை நிற்கிறது. நான்காவது பத்தியின் நடுவில் அது இருந்தது. பதிவு நடந்த அன்றைக்குச் சார்பதிவாளர் கேட்ட கேள்வி. ஒரு துணைவாக்கியமாக, போகிற போக்கில் எழுதிவிட்டிருந்தேன்.

மற்றவர்களின் பிரதிகளை வாசிக்கும்போதும் இதைப் பார்க்கிறேன். உண்மையான தொடக்கம் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது பத்தியில் படுத்திருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது எழுதுகிறவள் தனக்குத் தைரியம் சொல்லிக்கொள்வது. அவளுக்கு அது தேவைதான், அதனால் எழுதட்டும். வாசகிக்குத் தேவையில்லை, அதனால் எடுத்துவிடலாம்.

தலைப்பும் அங்கேயே இருந்தது. பங்குதாரர் ஒருவர் தன் பாகத்தை மற்றொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணத்துக்குப் பதிவுத்துறையிலும் பத்திர எழுத்தர்களிடமும் வழங்குகிற பெயர் விடுதலைப் பத்திரம். பல ஆண்டுகளாகக் கேட்ட சொல். அதன்மேல் கண் நின்றதில்லை. அண்ணனிடம் நான் விடுதலை கேட்கவில்லை. வீட்டிலிருந்து என்னை விடுவித்துவிட்டு, அதற்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்ற பொருளில் பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருந்த வாக்கியத்துக்குக் கீழே. விடுதலை என்ற சொல்லை நாம் பெண்ணிய மேடைகளில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம்! அதே சொல் முத்திரைத்தாளில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தபோது, உருவகம் தேடி நான் பறவையிடம் போயிருக்கவே தேவையில்லை என்று தெரிந்தது.

‘விடுதலைப் பத்திரம்’ என்று தலைப்பு வைத்தேன். இந்தத் தலைப்பில் ஒரு சிக்கல் உண்டு. பத்திரம் எழுதிப் பழக்கமில்லாத வாசகி இதைச் சிறையிலிருந்து வெளியே வருகிற கதை என்றோ, மணமுறிவு பற்றியது என்றோ நினைக்கலாம். தொழிலில் புழங்கும் சொல்லைத் தலைப்பாக்கினால் இந்தச் சங்கடம் எப்போதும் வரும். தலைப்புக்குள்ளேயே விளக்கம் சொல்லத் தொடங்கினால் சொல் செத்துவிடும். ஆகவே வாசகியைச் சரியான கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போகிற வேலை முதல் வரியுடையது. தலைப்பு உருவகமாகவோ இரட்டைப் பொருளோடோ இருந்தால், முதல் வரி தரையில் நிற்க வேண்டும். இடம் எது, யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று.

முதல் வரிக்கு நான் முதலில் எழுதிப் பார்த்தது இது: “அன்றைக்கு அண்ணன் எனக்கு வாங்கித்தந்த பட்டுச்சேலை ஒன்பது கஜம் இல்லை, அரை வீடு.” இரண்டு நாள் இந்த வாக்கியத்தின் மேல் மயங்கிக் கிடந்தேன். பிறகு பட்டியல் போட்டுப் பார்த்தேன். வாசகி கேட்பது: சேலைக்குப் பதிலாகவா வீட்டைக் கொடுத்தாய்? இல்லை. சேலை பதிவு முடிந்த பிறகு வந்தது, அன்பினாலும் குற்றவுணர்ச்சியினாலும். அந்த வரி சாமர்த்தியமாக இருந்தது, கணக்கு தவறாக இருந்தது. கைதட்டு வாங்கிவிடும், ஆனால் அதற்குப் பிறகு வரும் பக்கங்களெல்லாம் அந்தக் கைதட்டிலிருந்து இறங்கிக்கொண்டே போகும். எடுத்துவிட்டேன்.

கடைசியில் நின்ற வரி: “‘உங்க முழு சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கிறீங்களாம்மா?’ என்று சார்பதிவாளர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ‘ஆமாம் சார்’ என்றார்.”

இதில் உவமை இல்லை, கருத்து இல்லை, ‘பெண்’ என்ற சொல்லும் இல்லை. அலுவலகம் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, பதில் சொன்னவர் வேறு ஆளாக இருக்கிறார். இந்த வரியையும் தலைப்பையும் சேர்த்துப் படித்தவள் என்ன எதிர்பார்ப்பாள் என்று மறுபடி பட்டியலிட்டேன். மூன்றே கேள்விகள் வந்தன. நீ என்ன சொன்னாய்? சம்மதம் இருந்ததா, இல்லையா? இது யாருக்கு விடுதலை?

முதல் கேள்விக்கே என்னிடம் பதில் எழுதப்பட்டிருக்கவில்லை. பிரதியில் ‘ஆமாம் சார்’க்குப் பிறகு நேராகப் பெருவிரல் ரேகை வைத்ததற்கும் கேமராவைப் பார்த்ததற்கும் போயிருந்தேன். நடுவில் ஒன்று நடந்தது. சார்பதிவாளர் அண்ணனைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னையே பார்த்து, “நீங்க சொல்லுங்கம்மா” என்றார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த ஒரு நொடியில் எனக்கு வழி திறந்திருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். பின்னால் சாட்சிக் கையெழுத்துக்காக வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வெளியே அண்ணி, தன் பிள்ளைகளோடும் ஒரு ஃபிளாஸ்க் காப்பியோடும் காத்திருந்தார். நான் தலையாட்டினேன். “ஆமாங்க” என்றேன்.

இதை எழுத நான் விரும்பவில்லை. ‘கூடில்லாப் பறவை’ என்ற தலைப்பு என்னை இதை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. பறவைக்குச் சம்மதம் கிடையாது, காற்றடித்தால் கூடு விழும். ‘அண்ணன் ஏமாற்றிய கதை’யும் கேட்டிருக்காது. ஏமாந்தவளுக்கும் சம்மதம் கிடையாது. இரண்டு தலைப்புகளும் என்னைக் குற்றமில்லாதவளாகவும் அதனாலேயே ஆளில்லாதவளாகவும் ஆக்கின. மூன்றாவதுதான், அரை வீட்டின் உரிமைக்காரியாக, வாயிருந்தவளாக, அதை அண்ணன் உறவுக்காக விட்டவளாக என்னை அந்த மேசைக்கு முன்னால் உட்கார வைத்தது. கட்டுரையின் பாதிக்கு மேல் திருப்பி எழுதினேன். சம்மதம் என்பது என்ன, வெளியே ஃபிளாஸ்க்கோடு நிற்கிற அண்ணியின் முகம் அந்தச் சம்மதத்துக்குள் எத்தனை பங்கு என்பதுதான் இப்போது அதன் பொருள்.

மாணவிகள் இங்கே நியாயமான ஒரு கேள்வி கேட்கிறார்கள். இவ்வளவு திட்டமாக எழுதினால் வீட்டில் அடையாளம் தெரிந்துவிடாதா? தெரியும். அதற்காகப் பொதுமைக்குள் போய் ஒளிய வேண்டியதில்லை. அடையாளம் என்பது ஒன்று, திட்டம் என்பது வேறு. நான் ஊர்ப்பெயரை எழுதவில்லை. தெரு, வருடம், அண்ணனின் தொழில், பிள்ளைகள் எத்தனை என்பவை எதுவும் இல்லை. வங்கியின் பெயர் இல்லை. இவற்றை எடுத்ததால் கட்டுரை ஓரங்குலம்கூட மங்கவில்லை. அதன் திட்டம் பெயர்களில் இல்லை, யார் கேட்டார், யார் முந்திப் பதில் சொன்னார் என்ற வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையை மாற்றினால்தான் கட்டுரை பொய்யாகும். ஊர்ப்பெயரை மறைப்பது பாதுகாப்பு. ‘நான் தலையாட்டினேன்’ என்பதை மறைத்து ‘பெண்கள் தலையாட்ட வைக்கப்படுகிறார்கள்’ என்று எழுதுவது வேறு காரியம். முதலாவதைத் தாராளமாகச் செய்யலாம். அண்ணன் அதை வாசித்தால் தன்னை அறிந்துகொள்வார் என்பது உண்மை. அதற்கு நான் தயாரா என்று என்னைக் கேட்டுக்கொண்டபிறகுதான் வெளியிட்டேன். தயாராக இல்லாதவள் கட்டுரையை மேசைக்குள் வைத்திருக்கலாம். மங்கலான தலைப்போடு வெளியிடுவதைவிட அது நேர்மையானது.

இன்னொரு கேள்வியும் வரும். ‘நான், நான்’ என்று குறுக்கிக்கொண்டே போனால், எல்லாப் பெண்களுக்காகவும் பேசுவது எப்படி? மராத்தியில் பேபி காம்ப்ளே தன் வாழ்க்கை வரலாற்றுக்கு ‘ஜிண ஆமுச்ச’ என்று பெயர் வைத்தார். எங்கள் வாழ்வு என்று பொருள். ‘என்’ அல்ல, ‘எங்கள்’. நூல் முழுக்க மகர் சமூகத்தின் வாழ்வு பேசப்படுகிறது, அந்தப் பெண்களின் பசி, பேறுகாலம், வீட்டுக்குள் நடக்கும் அடி எல்லாம் வருகின்றன. அங்கே ‘எங்கள்’ என்பது மங்கலான சொல் அல்ல. எந்த ‘எங்கள்’ என்று வாசகிக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறது, தலைப்பு கொடுத்த வாக்கும் அதுவே. 2008இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பு, நாங்கள் உடைத்த சிறைகள் என்ற பொருளில் அமைந்தது. ‘நாங்கள்’ அப்படியே இருக்கிறது, வாக்கு மாறிவிட்டது. மராத்தித் தலைப்பு எப்படி வாழ்ந்தோம் என்று சொல்வதாக ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலத் தலைப்பு எப்படி வென்றோம் என்று சொல்வதாக ஒப்புக்கொள்கிறது. பசியைப் பற்றிய பக்கங்களை வாசிக்கும்போது, முதல் தலைப்போடு வந்தவள் அங்கே தங்குவாள். இரண்டாவதோடு வந்தவள், உடையப்போகும் இடத்தை எதிர்பார்த்து அதைக் கடந்து போகக்கூடும். பன்மையில் பேசலாம். அந்தப் பன்மைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லக் கடமைப்பட்டுத்தான் பேச வேண்டும். என் முதல் வரியின் ‘பெண்ணாகப் பிறந்தவள்’ அந்தக் கடமையைச் செய்யவில்லை. அதற்குள், ஒரு சென்ட் நிலமும் இல்லாத தகப்பனுக்குப் பிறந்த பெண்ணையும் என்னோடு சேர்த்திருந்தேன். எழுதிக்கொடுக்க அவளுக்கு ஒன்றும் இருந்ததில்லை. அவள் துக்கத்தின் தொடக்க வரி வேறு, அதை அவள்தான் எழுத வேண்டும்.

கட்டுரை வெளிவந்த சில வாரங்களில், முன்பின் தெரியாத ஒரு பெண் என்னிடம் பேசினார். ‘கூடில்லாப் பறவை’ என்றிருந்தால் அவர் பேசியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. என் கட்டுரை நன்றாக இருந்ததென்றோ அழுகை வந்ததென்றோ அவர் சொல்லவில்லை. “என்னை அவங்க கேக்கவே இல்லைங்க” என்றார். எதை என்று எனக்கு விளங்கச் சில நொடிகள் ஆயின. சம்மதமா என்ற அந்தக் கேள்வியை. அவருடைய கட்டுரைக்கு அதுவே முதல் வரி. அவரிடம் சொன்னேன்.